மாங்காய் மைனஸில் போனது: கூட்டுத்தொகைக்கு int, unsigned, float, long, எதை வைப்பது?

காவேரிப்பட்டணத்தில் அத்தை மகன் ஒருவன் மாங்காய் மண்டி வைத்திருக்கிறான். போன சீசனில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கே போனில் ஒரு படம் வந்தது. நான் செய்து கொடுத்த சின்னப் பெட்டியின் திரை அது. அதில் -25.546 என்று இருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "மச்சான், ரெண்டு கிரேட்தான் ஏத்தினேன். மைனஸ் இருபத்தஞ்சு கிலோ காட்டுது. மாங்காய் கொண்டு வந்தவனுக்கு நான் காசு கொடுக்கணுமா, இல்ல அவன் எனக்குக் கொடுக்கணுமா?"

பெட்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எடை போடுவது முத்திரை வைத்த எலக்ட்ரானிக் தராசுதான், அதை நான் தொடவில்லை. தராசின் பின்னால் உள்ள சீரியல் ஒயரிலிருந்து மாங்காய் நிரப்பிய கிரேட் ஒவ்வொன்றின் எடையையும் ஆர்டுயினோ உனோ R3 என்ற சின்னக் கணினி போர்டு வாங்கி, கூட்டிக்கொண்டே போகும். லோடு முடிந்ததும் மொத்த எடையையும், விலை போட்டால் தோராயத் தொகையையும் காட்டும். கணக்குப்பிள்ளையின் நோட்டோடு ஒத்துப் பார்ப்பதற்கு மட்டும்தான் பெட்டி. அது தப்புச் சொன்னாலும் நோட்டு இருக்கிறது என்பதால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை. ஆனால் நோட்டைப் பார்க்கத்தானே பெட்டி, பெட்டியைப் பார்க்க நோட்டு என்றால் எதற்கு அது?

தப்பு என்னுடையது. நிரலில் இப்படி எழுதியிருந்தேன்:

```cpp
int gram;        // ஒரு கிரேட்டின் எடை
int total = 0;   // லோடின் மொத்தம்
total += gram;
```

என் லேப்டாப்பில் இதே கணக்கை ஓட்டிப் பார்த்தபோது சரியாகத்தான் வந்தது. அங்கே `int` என்றால் 4 பைட். உனோவில் இருக்கும் சிப்புக்கு `int` என்றால் 2 பைட்தான். 2 பைட்டில் மொத்தம் 65,536 எண்களுக்குத்தான் இடம். அதைப் பாதியாகப் பிரித்து -32,768 முதல் 32,767 வரை வைத்திருக்கிறார்கள். பழைய மொபெட்டில் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டியதும் 00000-க்குப் போகுமே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே 32,767-க்கு அடுத்த எண் பூஜ்யமில்லை, -32,768. அங்கிருந்து மறுபடி மேலே ஏறி வரும்.

அன்று காலை ஏற்றிய முதல் நான்கு கிரேட்டுகளை நோட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முதல் கிரேட் 19,840 கிராம். அது சரியாகக் காட்டியது. இரண்டாவது 20,150. இரண்டும் சேர்ந்தால் 39,990 வர வேண்டும். 32,767-ஐத் தாண்டிவிட்டதால் 65,536 கழிந்து -25,546 ஆனது. மூன்றாவது 20,060 ஏறியதும் -5,486. நான்காவது 19,950 ஏறியதும் 14,464.

அந்த நான்காவது எண்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மைனஸ் வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 80 கிலோ ஏற்றிய பிறகு திரையில் 14.464 என்று அடக்கமாக ஒரு எண் நின்றால், அவசரத்தில் இருக்கும் ஆள் அதை எழுதிக்கொண்டு போய்விடுவான். 40 கிரேட், சரியாக 800 கிலோ வந்த லோடுக்கு இந்தப் பெட்டி 13.568 காட்டியிருக்கும். 800-லிருந்து 13.568-ஐக் கழித்தால் 786.432. அதை 65.536-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 12 வரும். இதுதான் நோயைக் கண்டுபிடிக்கிற வழி. சரியான எண்ணுக்கும் திரையில் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 65,536-இன் மடங்காக இருந்தால் 2 பைட் சுற்றிவிட்டது என்று அர்த்தம். ஒயர் லூஸ், தராசு கோளாறு என்று தேட வேண்டியதில்லை. தராசின் எடை உணரியான லோடு செல் கெட்டுப்போனால் வித்தியாசம் இவ்வளவு சுத்தமாக வராது.

சரி, திருத்த வேண்டும். `total`-ஐ என்னவாக மாற்றுவது? அன்று மத்தியானம் எனக்கு முன்னால் நாலைந்து வழி இருந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் தோன்றுவது unsigned

மைனஸ் எடை என்று ஒன்று கிடையாது. அப்படியானால் மைனஸுக்கு எதற்குப் பாதி இடம் ஒதுக்க வேண்டும்? `unsigned int` என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லை 65,535 ஆகிவிடும். எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலில் மாட்டியவர்களில் பாதிப் பேர் முதலில் செய்வது இதைத்தான், ஏனென்றால் ஒரே நிமிட வேலை, உடனே மைனஸ் மறைந்துவிடும்.

அதே நான்கு கிரேட்டைப் போட்டுப் பாருங்கள். 19,840. 39,990. 60,050. மூன்றும் சரி. நான்காவதில் 80,000-க்குப் பதில் 14,464. அதாவது முன்பு இரண்டாவது கிரேட்டிலேயே "என்னமோ தப்பு" என்று கத்திய பெட்டி, இப்போது வாயை மூடிக்கொண்டு நான்காவதில் பொய் சொல்கிறது. எல்லை இரண்டு மடங்கு ஆனது, எச்சரிக்கை சுத்தமாகப் போனது. இருக்கிற வழிகளில் இதைத்தான் நான் மோசமானது என்பேன். ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட மோசம்.

இதற்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். சி மொழியில் unsigned எண் சுற்றுவது விதிப்படி நடப்பது. எந்த கம்பைலரிலும் அது சொன்னபடி சுற்றும். signed எண் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. என் பெட்டியில் -25,546 வந்தது அந்த சிப்பும் கம்பைலரும் அப்படிச் செய்ததால்தான். எனவே சுற்றுவதே வேண்டும் என்கிற இடத்தில், உதாரணமாக `millis()` கொண்டு நேர இடைவெளி கணக்கிடும்போது, unsigned-தான் சரியான தேர்வு. சுற்றினாலும் கழித்தல் சரியாக வரும். ஆனால் மாங்காய் எடை சுற்றக் கூடாத எண்.

அலகை மாற்றினால்?

இரண்டாவது வழி, `int`-ஐ அப்படியே விட்டு, கிராமுக்குப் பதில் கிலோவில் கூட்டுவது. எல்லை 32,767 கிலோ, அதாவது 32 டன்னுக்கு மேல். எங்கள் மண்டிக்கு வரும் எந்த வண்டியும் அதற்குள் அடங்கும். மெமரி அதிகமாகாது, சேமிக்கும் இடம் மாறாது.

ஆனால் 19.840 கிலோவை முழு எண்ணாக்கினால் 19. முழு எண் வகுத்தல் பின்னத்தை வெட்டித்தான் எறியும். கிரேட்டுக்குச் சராசரி அரைக் கிலோ போனால் 40 கிரேட்டுக்கு 20 கிலோ. ஒரு கிரேட் மாங்காயே காணோம்! இதை விவசாயி ஒப்புக்கொள்வாரா? ரவுண்டு செய்து 20 என்று எடுத்தால் கூடுதலும் குறைவும் ஓரளவு சரிக்கட்டும், ஆனால் நோட்டோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

நடுவில் ஒரு வழி உண்டு. 100 கிராமை ஓர் அலகாக வைத்தால் 19.840 கிலோ என்பது 198 அலகு. இழப்பு கிரேட்டுக்கு 100 கிராமுக்குள். எல்லை 3,276.7 கிலோ. சின்ன யானை என்று சொல்லும் மினி டெம்போ லோடுக்குத் தாராளமாகப் போதும். லாரி வந்தால் போதாது. மண்டிக்கு லாரியே வராது என்று சொல்ல முடிந்தால் இது மோசமில்லை. எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. போச்சம்பள்ளி பக்கமிருந்து கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் லோடு சில நாள் இங்கே நின்று எடை போட்டுக்கொண்டு போகும். அது பத்து டன்.

float சுற்றாது, ஆனால்

"பேசாம float போட்டுட்டா என்ன?" என்று கேட்டவர் கடையில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணன். கேள்வியில் தப்பில்லை. `float` இவ்வளவு சின்ன எண்களில் சுற்றவே சுற்றாது. பின்னமும் தாங்கும்.

ஆனால் அதற்கு வேறு வியாதி. 4 பைட் `float`-இல் துல்லியத்துக்கு 24 பிட்தான். 1,67,77,216 வரை எல்லா முழு எண்ணும் அப்படியே நிற்கும். அதற்கு மேல் ஒன்றுவிட்டு ஒன்றுதான் இடம் கிடைக்கும். இன்னும் மேலே போனால் நாலுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. கிராமில் பார்த்தால் முதல் எல்லை ஏறக்குறைய 16.8 டன். ஒரு லோடுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் அத்தை மகனுக்கு சீசன் மொத்தமும் வேண்டும். நாளைக்குப் பத்து டன், 40 நாள் என்று வைத்தால் 400 டன். அந்த உயரத்தில் `float`-க்கு 32 கிராமுக்கு ஒரு படிதான் இருக்கிறது. 20,150 கிராம் கிரேட்டைக் கூட்டினால் கூடுவது 20,160. பத்து கிராம் எடையைக் கூட்டினால் எதுவுமே கூடாது. மொத்தம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சுற்றும் எண் திடீரென்று விழும், `float` மெல்ல மெல்லக் காது மந்தமாகும். மாங்காய் எடைக்கு 10 கிராம் ஒரு பொருட்டில்லை என்று வாதாடலாம், நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் நோட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டிய பெட்டியில் இது தலைவலி. 30 கிராம் வித்தியாசம் வந்தால் அது கணக்குப்பிள்ளை தப்பா, `float` தப்பா என்று எப்படிச் சொல்வது? உனோவில் `double` என்று எழுதினாலும் கிடைப்பது இதே 4 பைட்தான், அதனால் அந்த வாசலும் மூடியது.

long, அதோடு வரும் பொறி

மிச்சம் இருப்பது `long`. 4 பைட், எல்லை 2,14,74,83,647. கிராமில் 2,147 டன். லோடுக்கு இது போதும், பத்து டன் லாரிக்கும் போதும், எங்கள் மண்டியின் 400 டன் சீசனுக்கும் போதும். தினம் 40 டன் வாங்குகிற பெரிய இடத்துக்கு 60 நாள் சீசன் என்றால் 2,400 டன், அங்கே போதாது.

`total`-ஐ `long` ஆக்கினேன். எடை சரியாகிவிட்டது. அடுத்த நாள் மறுபடி போன். இந்த முறை எடை சரி, தொகை மைனஸ். விலைக் கணக்கு இப்படி இருந்தது:

```cpp
int kg, rate;
long amount = kg * rate;
```

1,640 கிலோ, கிலோவுக்கு 22 ரூபாய். 36,080 வர வேண்டும். வந்தது -29,456. `amount` என்பது `long`, அதில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் பெருக்கலுக்கு `amount` யார் என்றே தெரியாது. இரண்டு பக்கமும் `int` என்பதால் பெருக்கல் 2 பைட்டிலேயே நடந்து, சுற்றி, கெட்டுப்போன விடைதான் பெரிய பாத்திரத்தில் ஊற்றப்படுகிறது. கெட்ட பாலை அண்டாவுக்கு மாற்றினால் நல்ல பாலாகுமா?

முதலில் நான் செய்த திருத்தமும் வேலைக்கு ஆகவில்லை. `(long)(kg * rate)` என்று எழுதினேன். அடைப்புக்குள் பெருக்கல் முடிந்த பிறகுதான் `long` ஆகிறது, அதற்குள் கதை முடிந்துவிட்டது. பெருக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தைப் பெரிதாக்க வேண்டும்:

```cpp
long amount = (long)kg * rate;
```

இதே பொறி வேறு உருவத்திலும் இருந்தது. ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை விளக்கு அணைய வேண்டும் என்று `60 * 1000` மில்லி செகண்ட் என எழுதியிருந்தேன். விளக்கு அணையவே இல்லை. நானும் ரிலே கெட்டுவிட்டது என்று புது ரிலே வாங்கிப் போட்டேன். உனோவில் 60-ம் `int`, 1000-ம் `int`. விடை -5,536. அது `unsigned long` ஆக மாறியபோது 4,29,49,61,760 மில்லி செகண்ட், அதாவது 49 நாள் 17 மணி நேரம். பொறுமையாக இருந்திருந்தால் அணைந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால் நேராக `60000` என்று எழுதியிருந்தால் தப்பே வந்திருக்காது. `int`-இல் அடங்காத எண்ணை நேராக எழுதினால் கம்பைலர் தானாக `long` ஆக்கிக்கொள்ளும், பெருக்கலாக எழுதினால் ஆக்காது. `60UL * 1000` என்று எழுதினாலும் சரியாகிவிடும். இந்த மாதிரி மாறாத எண்களின் பெருக்கலுக்கு கம்பைலர் எச்சரிக்கை தருகிறது. ஆர்டுயினோ ஐ.டி.இ.யின் அமைப்பில் எச்சரிக்கைகளை நான் இயக்கி வைக்காததால் அது என் கண்ணில் படவே இல்லை. புது ரிலே இன்னும் டிராயரில் இருக்கிறது.

பைசாவில் போனபோது

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தை மகன் விட்டானா? "இருபத்திரண்டரை ரூபாய்க்கு வாங்குறேன் மச்சான், அரை ரூபாய் போட முடியலையே" என்றான். விலையைப் பைசாவில் வைத்தேன், 2,250. எடையைக் கிராமிலேயே வைத்தேன். இரண்டும் `long`. பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பைசாவில் தொகை.

800 கிலோ லோடில் சோதித்தேன். 8,00,000 கிராம் பெருக்கல் 2,250, விடை 180 கோடி. `long` எல்லை 214 கோடி சொச்சம். அடங்கியது. 18,000 ரூபாய் என்று சரியாகக் காட்டியது. நானும் சந்தோஷமாகக் கிளம்பி கிருஷ்ணகிரி வந்துவிட்டேன்.

1,640 கிலோ லோடு வந்தபோது பெருக்கல் 369 கோடி. 4 பைட் ஒரு சுற்று என்பது 4,29,49,67,296. அதைக் கழித்தால் -60,49,67,296. வகுத்து ரூபாயாக்கினால் 36,900-க்குப் பதில் -6,049.67. 2,000 கிலோ லோடு என்றால் இன்னும் விபரீதம். 450 கோடியிலிருந்து ஒரு சுற்று போய் 20,50,32,704 மிஞ்சும், திரையில் 45,000 ரூபாய்க்குப் பதில் 2,050.32 ரூபாய் நிற்கும். மைனஸ் கிடையாது, சந்தேகம் வராது.

கவனியுங்கள், இங்கே கடைசி விடை 36,90,000 பைசா. `long`-இல் சும்மா ஒரு மூலையில் அடங்கும். நடுவில் வருகிற பெருக்கல்தான் வெடிக்கிறது. எந்த வகை போதும் என்று பார்க்கும்போது விடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், வழியில் வரும் மிகப் பெரிய எண்ணைப் பார்க்க வேண்டும். 2,250 பைசா விலைக்கு அந்த எல்லை 954 கிலோவில் வருகிறது. டெம்போவில் சோதித்தால் பாஸ், லாரியில் ஃபெயில்.

1996 ஜூன் 4-இல் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியதற்குப் பின்னால் இருப்பதும் இந்த டெம்போ-லாரி கதைதான். ஏரியான் 4-க்கு எழுதி, அதன் வேகங்களுக்கு அடங்கிய நிரலை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் சார்ந்த ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அங்கே எண் சுற்றவில்லை. மாற்ற முடியவில்லை என்று பிழை எழுந்தது, அதைக் கவனிக்க ஆளில்லாமல் வழிகாட்டும் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது.

என் பெட்டிக்குத் தீர்வு 8 பைட் எண்:

```cpp
int64_t paise = (int64_t)total * rate_p / 1000;
```

8 பைட்டின் எல்லை 19 இலக்க எண். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்காய் முழுவதையும் போட்டாலும் அசையாது. "அப்படியானால் எல்லாவற்றையும் `int64_t` ஆக்கிவிட்டால் போச்சு" என்று தோன்றும். 8 பிட் சிப்பில் 8 பைட் பெருக்கல் மெதுவாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் இங்கே ஒரு கிரேட்டுக்கு ஒரு பெருக்கல். கிரேட்டைத் தூக்கி வைக்கிற ஆளைவிட சிப் பல மடங்கு வேகம். வேகத்தைக் காரணம் சொல்லி யாராவது தடுத்தால் நம்ப வேண்டாம்.

உண்மையான செலவு வேறு இடத்தில். உனோவின் `Serial.print` 8 பைட் எண்ணை ஏற்காது, எந்த வகையாக எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை என கம்பைலர் பிழை சொல்லும். கிலோவாகவும் மிச்சக் கிராமாகவும் பிரித்து இரண்டு `long` ஆக அச்சடிக்க வேண்டியிருந்தது. மிச்சக் கிராம் 40 என்றால் 040 என்று பூஜ்யம் நிரப்பவும் மறக்கக் கூடாது. நான் மறந்தேன், அரை நாள் போனது.

இன்னொரு செலவு சேமிப்பில். கரண்ட் போனாலும் மொத்தம் மறையாமல் இருக்க EEPROM-இல் எழுதி வைத்திருந்தேன். முகவரி 0-வில் மொத்தம் 2 பைட், முகவரி 2-இல் கிரேட் எண்ணிக்கை 2 பைட். `total`-ஐ `long` ஆக்கிய அன்றே அது 0 முதல் 3 வரை எழுத ஆரம்பித்துவிட்டது, கிரேட் எண்ணிக்கையின் தலையில் உட்கார்ந்துகொண்டு. அடுத்த முறை கரண்ட் வந்ததும் மொத்தமும் எண்ணிக்கையும் ஒன்றையொன்று மிதித்தன. வகையை மாற்றும்போது அது வசிக்கும் வீட்டையும் மாற்ற வேண்டும். இப்போது சீசன் மொத்தத்துக்கு 8 பைட், லோடு மொத்தத்துக்கு 4, எண்ணிக்கைக்கு 2 என்று புது முகவரிகள் கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் எது எதற்கு

லோடு மொத்தத்துக்கு `int32_t`. சீசன் மொத்தத்துக்கு `int64_t`. எடை-விலைப் பெருக்கலுக்கு எப்போதும் `int64_t`. `long`, `int` என்ற பெயர்களையே எடுத்துவிட்டேன். ESP32 போர்டுக்கு மாறினால் `int` 4 பைட் ஆகிவிடும், லேப்டாப்பிலும் 4 பைட், உனோவில் 2. பெயரிலேயே அளவு இருந்தால் லேப்டாப்பில் சோதித்தாலும் கூட்டுத்தொகை அதேதான் வரும். முதல் நாள் அப்படி எழுதியிருந்தால் -25,546-ஐ வீட்டிலேயே பார்த்திருப்பேன்.

லோடுக்கும் `int64_t` வைக்காமல் ஏன் `int32_t`? 2,147 டன் வருகிற வண்டியே கிடையாது என்பதால் அல்ல. லோடுக்கு நான் வைத்திருப்பது வேறு எல்லை, 30 டன். அதைத் தாண்டினால் யாரோ பழைய லோடை முடிக்காமல் அடுத்த வண்டியை ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது பெட்டி கூட்டக் கூடாது, நிற்க வேண்டும்:

```cpp
const int32_t LIMIT = 30000000;  // கிராம்
if (gram > LIMIT - total) showError();
else total += gram;
```

கூட்டுவதற்கு முன்பே மிச்ச இடத்தைப் பார்க்கிறது, அதுதான் முக்கியம். `if (total + gram < total)` என்று கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற பழக்கம் பலரிடம் உண்டு. signed எண்ணில் அது ஆபத்து. எண் தாண்டவே தாண்டாது என்று எடுத்துக்கொள்ள கம்பைலருக்கு உரிமை உண்டு, `gram` மைனஸ் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டால் அந்த `if`-ஐயே தூக்கிப் போட்டுவிடலாம். சோதனை இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், சிப்பில் அது இருக்காது. ஜி.சி.சி.யின் `__builtin_add_overflow` இதைச் சரியாகச் செய்யும். எனக்கு 30 டன் என்கிற சொந்த எல்லையே போதுமானதாக இருந்தது.

எல்லையில் நின்றதும் அதிகபட்ச எண்ணிலேயே ஒட்டிக்கொண்டு காட்டலாமா என்றும் யோசித்தேன். ஒலி, படம் போன்ற வேலைகளில் அது நல்ல வழி. வெளிச்சம் 255-ஐத் தாண்டினால் 255-லேயே நின்றால் யாருக்கும் குறையில்லை, சுற்றிக் கறுப்பானால்தான் அசிங்கம். எடையில் 30,000.000 என்று ஒரு எண் நின்றால் அதையும் யாராவது எழுதிக்கொள்வார்கள். அதனால் எண்ணே காட்டாமல் "லோடு முடிக்கவும்" என்று மட்டும் போட்டு, பஸ்ஸர் அடிக்க வைத்தேன்.

புது நிரலை ஏற்றுவதற்கு முன் இந்த முறை டெம்போ கணக்கோடு நிறுத்தவில்லை. தராசுக்குப் பதில் லேப்டாப்பிலிருந்து பொய் எடைகளை அனுப்பினேன். 32,760-ல் ஆரம்பித்து 10 கிராம், 65,530-ல் ஆரம்பித்து 10 கிராம், 954 கிலோவுக்கு ஒரு கிலோ கீழேயும் மேலேயும், கடைசியாக 29,990 கிலோவில் ஒரு 20 கிலோ கிரேட். கடைசியதில் பஸ்ஸர் அடித்தது. பக்கத்து மேஜை அண்ணன் திரும்பிப் பார்த்து, "சரியாயிடுச்சா, கெட்டுப்போச்சா?" என்றார்.